‘Edited’ எனும் ஒரு சொல்

‘ரூ. 40,000 பெற்றுக்கொண்டேன்’ எனத் தம்பி அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறான். பின்னர் அதன் ஸ்கிரீன்ஷாட்டில் நேரத்தை ஒட்டி Edited எனும் சொல் காணப்படவே, தொகையைக் குறைத்துவிட்டான் என வீட்டில் பூசல் மூள்கிறது. இத்தகைய வழக்கு இன்று பல குடும்பங்களில் எழக்கூடியதே.

அச்சொல் கூறுவது ஒன்றுதான்: அனுப்பிய 15 நிமிடங்களுக்குள் வாசகம் திருத்தப்பட்டது. முன்பு இருந்தது 50,000 எனும் தொகையா, வெறும் எழுத்துப் பிழையா என்பதை அது காட்டாது. 2023-இல் வந்த இவ்வசதி பழைய வாசகத்தைப் பெறுநருக்குக் காட்டுவதில்லை. திருத்தியதற்குப் புதிய அறிவிப்பும் வருவதில்லை. ஆகவே முதல் வாசகத்தைப் படித்த அண்ணன், மாற்றத்தை அறியாமலே இருந்திருக்கலாம். தொகைக்கு வங்கிக் கணக்கே சான்று.

அதே படத்தில், செய்திகள் 7 நாள்களில் மறையும் என்ற அறிவிப்பும் இருந்தால்? தடயத்தை அழித்தான் என்பது அவசர முடிவு. இருவருள் எவரும் அதனை இயக்கலாம்; இயக்கியவர் யாரென அறிவிப்பையே படித்துப் பாருங்கள். அதற்கு முந்திய செய்திகளை அது தொடுவதில்லை. பிந்தியவையோ, எவரும் காத்துவைக்காவிடில், மறைந்துவிடும். ஆதலால் 7 நாள் கழியுமுன் இருவர் கைப்பேசிகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுக.