பாம்புக்கடி: ஊசி போட்டும் சிறுநீரகம் கெட்டது ஏன்?

“கடலைக்காட்டில் களை எடுத்தபோது என் மாமனாரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் 20 குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். உயிர் பிழைத்தார். ஆனால், டயாலிசிஸ் வரை போய்விட்டது. மருந்து சரியில்லையா?”

- வாசகி, செங்கம்

பதில்: மருந்தில் குறையில்லை. அந்த மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்தால் நடந்தது விளங்கும்.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்துகிறார்கள். குதிரையின் உடல் அந்த விஷத்தை எதிர்க்க ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். குதிரையின் ரத்தத்திலிருந்து அதைப் பிரித்து, சுத்தம் செய்து, குப்பியில் அடைக்கிறார்கள். இதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருவதில் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

எதிர்ப்பொருளின் வேலை ஒன்றுதான். ரத்தத்தில் ஓடும் விஷத்தின் மேல், பூட்டுக்குச் சாவி போலப் பொருந்தி ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய விஷத்தால் பிறகு எதையும் தாக்க முடியாது. ஆனால், ஏற்கெனவே கெட்டுப்போன உறுப்பை எதிர்ப்பொருள் சரிசெய்யாது. நெல்லில் தண்டுத் துளைப்பான் தாக்கி வெண்கதிர் வந்தபின் மருந்து அடித்தால், அந்தக் கதிரில் மணி பிடிக்காது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தை உறையவைக்கும் பொருட்களைத் தூண்டிவிட்டு, அவை அத்தனையையும் செலவழித்துவிடுகிறது. பிறகு ரத்தம் உறையாமல் கசியத் தொடங்குகிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களும் பாதிக்கப்படுகின்றன. இந்தச் சேதம் நேரம் போகப் போகக் கூடிக்கொண்டே போகும்.

கடிதத்தில் உள்ள விவரப்படி, மாலை 6 மணிக்குக் கடி. கயிறு கட்டி, வேர் அரைத்துக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி சேரும்போது இரவு 1 மணி. அந்த 7 மணி நேரமும் விஷம் தடையின்றி வேலை செய்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சாய்த்துப் பார்த்திருக்கிறார்கள். ரத்தம் தண்ணீராக ஓடியிருக்கிறது. உடனே 10 குப்பி ஏற்றினார்கள்.

ஏன் 10? ஒரு குப்பி மருந்து சுமார் 6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும். அந்தப் பாம்பு ஒரு கடியில் சராசரியாக 60 மில்லிகிராம் அளவுக்கு விஷத்தை இறக்குகிறது. கடிபட்டது குழந்தையானாலும் பாம்பு இறக்கும் விஷம் குறையாது. அதனால் குழந்தைக்கும் அதே அளவு மருந்துதான்.

செலவான உறைபொருட்களை ஈரல் மறுபடி உண்டாக்க ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். அதனால்தான் 6 மணி நேரம் கழித்து மறுபடி சோதித்தார்கள். அப்போதும் ரத்தம் உறையவில்லை. கடிவாயில் தேங்கிய விஷம் இன்னும் ஊறி வந்துகொண்டிருந்தது என்று பொருள். இன்னொரு 10 குப்பி ஏற்றியபின் ரத்தம் உறைந்தது. மருந்து தன் வேலையை முடித்துவிட்டது. அதற்கு முன்பே அடிபட்ட சிறுநீரகத்துக்குத்தான் டயாலிசிஸ் தேவைப்பட்டது. பலருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் தேறிவிடும். சிலருக்கு முழுதாகத் தேறாது. சிறுநீர் போகும் அளவைக் கவனித்து, மருத்துவர் சொல்லும் நாளில் தவறாமல் பரிசோதிக்க வேண்டும்.

கட்டுவிரியன் கடியிலும் இதே கதைதான். அதன் விஷம் நரம்பு முனைகளையே கெடுத்துவிடும். கெட்டபின் எத்தனை குப்பி ஏற்றினாலும் அவை உடனே மீளாது. புதிதாக வளரும்வரை செயற்கை மூச்சுதான் காப்பாற்றும். இந்தக் கடியில் வீக்கமோ வலியோ இல்லாமலும் இருக்கலாம். தரையில் படுத்திருந்தவருக்கு விடியற்காலையில் வயிற்றுவலி வந்து, கண் இமை சொருகினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

“போனவுடன் ஊசி போடவில்லை” என்று சிலர் சண்டை பிடிப்பதும் உண்டு. விஷம் இறங்காத கடியும் இருக்கிறது. குதிரைப் புரதம் என்பதால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். ஆகவே, அறிகுறி தெரிந்தால்தான் மருந்து ஏற்றுவார்கள். அறிகுறி இல்லாதவரை 24 மணி நேரம் அங்கேயே வைத்துப் பார்ப்பார்கள். இடையில் வீட்டுக்கு அழைத்து வந்துவிடக் கூடாது.

கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட காலையோ கையையோ ஆட்டாமல் வைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது கூடாது. கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமதமாகிவிட்டதே என்று போகாமலும் இருந்துவிடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கும்வரை அந்த மருந்துக்கு வேலை இருக்கிறது.