மலைக்கு அப்பால் உருவாகாத தேசம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே நிற்கும் மலைத்தொடருக்கு அப்பாலிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம், பிரிட்டிஷ் மேலாதிக்கம் நீங்கியதும் சுதந்திர நாடாக விளங்கும் என்று, அதன் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் 1947 ஜூன் 11 அன்று பிரகடனம் செய்தார்.

நிலையான மக்கள், வரையறுத்த பிரதேசம், அரசாங்கம், பிற ராஜ்யங்களுடன் உறவு கொள்ளும் ஆற்றல் ஆகிய நான்கையும் ராஜ்யத்தின் லட்சணங்களாக 1933 ஆம் ஆண்டின் மாண்டிவிடியோ உடன்படிக்கை வகுத்தது. முதல் மூன்றும் திருவிதாங்கூருக்கு இருந்தன. நான்காவதோ அதுவரை பிரிட்டிஷார் வசமே இருந்தது. அதைத் தாமே ஈட்ட எண்ணிய திவான், உருவாகவிருந்த பாகிஸ்தானுக்குப் பிரதிநிதி ஒருவரை நியமித்தார், ஜின்னாவும் வரவேற்றார். ஆயினும் தனி டொமினியன் அந்தஸ்தளிக்க பிரிட்டன் இசையவில்லை. காங்கிரஸ் தலைவர்கள் அப்பிரகடனத்தை ஏற்கவில்லை. சமஸ்தானத்துக்குள்ளேயே கிளர்ச்சி மூண்டது. ஜூலை 25 அன்று திவான் வெட்டப்பட்டுக் காயமுற்றார். சில தினங்களில் மகாராஜா இந்தியாவுடன் இணையச் சம்மதித்தார்.

ராஜ்யத்தின் இருப்பு பிறரது அங்கீகாரத்தைச் சார்ந்ததன்று என்று அதே உடன்படிக்கை கூறுகிறது. ஆனால், நான்கு லட்சணங்களும் பொருந்திய தைவானுக்கு ஐக்கிய நாடுகள் சபையில் ஆசனமில்லை. தன் பிரதேசத்தை முழுதும் ஆளவியலாத பாலஸ்தீனத்தையோ பெரும்பான்மை நாடுகள் அங்கீகரித்துள்ளன. ஆகவே, அங்கீகாரம் லட்சணமன்று எனினும், அஃதின்றி நான்காவது லட்சணம் பயன்தருவதில்லை. மக்களின் சம்மதமோ அப்பட்டியலிலேயே இல்லை. திருவிதாங்கூர்ப் பிரகடனத்தை வீழ்த்தியவற்றுள் அச்சம்மதம் இல்லாமையே பிரதானமானது என்பது நம் கருத்து.