ஒரு மாலைக்கு எத்தனை பந்து?

2025 ஆகஸ்ட் 4 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் 6 ரன் வித்தியாசத்தில் இந்தியா வென்றதையும், அன்று கடைசி விக்கெட்டைச் சாய்த்தவர் ஹைதராபாத்தின் முகமது சிராஜ் என்பதையும் எந்த ரசிகரும் மறக்கமாட்டார். ஆட்டோ ஓட்டுநரின் மகன். டென்னிஸ் பந்தில் வீசிப் பழகியவர். முறையான பயிற்சி அவருக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. இந்தக் கதையைக் கேட்டு வளரும் ஹைதராபாத் பையன்களில் பாதிப்பேர் வேகப்பந்து வீசத்தான் ஆசைப்படுகிறார்கள். செகந்திராபாத் பரேட் மைதானத்துப் பக்கம் ஒரு மாலை போய் நின்றால் அந்த ஆசையின் நீளம் தெரியும். ஓடிவருகிற தூரத்திலேயே தெரியும்.

இந்த ஊரில் மாநகராட்சி கோடை விடுமுறையில் பெயரளவுக் கட்டணத்தில் விளையாட்டு முகாம்கள் நடத்துகிறது. பள்ளி திறந்ததும் அது முடிந்துவிடும். ஆண்டின் மற்ற மாதங்களுக்குப் பிள்ளைகள் நம்பியிருப்பது பக்கத்து மைதானத்தில் வலை கட்டிச் சொல்லித் தரும் பயிற்சியாளர்களை. அப்படி ஓர் இடத்தின் கணக்கை இந்த வாரம் போட்டுப் பார்ப்போம். உங்கள் ஊர்க் கணக்கும் பெரும்பாலும் இதுதான்.

மாதம் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பிள்ளைகள். நாற்பதாயிரம் வருகிறது. அதில் மைதான வாடகை, உதவியாளர் ஒருவரின் சம்பளம், கிழிந்துபோகும் வலை, மேட்டிங், தேய்ந்துபோகும் லெதர் பந்து எல்லாம் போக மிச்சம்தான் பயிற்சியாளர் வீட்டுக்கு. பிள்ளைகளை இருபதாகக் குறைத்தால் கட்டணம் இரட்டிப்பாகும். முதலில் நின்றுவிடுவது ஆட்டோக்காரர் மகன்தான். ஆகவே நாற்பது பேர் இருப்பதைக் குற்றம் என்று நாம் சொல்லவில்லை. அந்த நாற்பது பேரை வைத்து மாலையை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இரண்டு வலை. ஒன்றரை மணி நேர பேட்டிங். இருபது நொடிக்கு ஒரு பந்து என்றால் ஒரு வலையில் 270 பந்துகள். வலைக்கு இருபது பிள்ளைகள். ஆளுக்குப் பதின்மூன்று பந்து! நாலரை நிமிடம். அதில் நாலு பந்து வைடாகப் போயிருக்கும், இரண்டு காலில் பட்டிருக்கும். பேடு கட்டிக்கொள்ள ஆன நேரம் அதைவிட அதிகம். மாதக் கடைசியில் 'என் பையன் இன்னும் நேராக ஆடவில்லையே' என்று அப்பா கேட்கிறார். நேராக ஆட அவனுக்கு எத்தனை பந்து வந்தது?

எத்தனை பேர் இருந்தாலும் இதைச் சரிசெய்யலாம், அதுவும் அதிகச் செலவில்லாமல். வலைக்கு வெளியே பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, கையில் டென்னிஸ் பந்து கொடுத்து, ஒருவன் பக்கத்தில் நின்று பந்தைக் கீழே விட, எழும்பி வருவதை மற்றவன் நேர் மட்டையில் தட்டினால், பத்து நிமிடத்தில் அறுபது பந்து தாராளமாக ஆடிவிடலாம். வலையில் நாலு மாலையில் கிடைக்காத எண்ணிக்கை அது. ஆஸ்திரேலியாவின் பௌரல் ஊரில் சிறுவன் பிராட்மன் கோல்ஃப் பந்தைத் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகத்தில் எறிந்து, திரும்பி வருவதை ஸ்டம்பால் அடித்தே கை பழகினார். அவருக்கு வலையும் கிடையாது, பயிற்சியாளரும் கிடையாது.

பயிற்சியாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் டென்னிஸ் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கும் மகனை மைதான ஓரத்தில் நின்று பார்க்கும் பெற்றோர், 'இதுக்கா மாசம் ஆயிரம் கட்டுறோம்?' என்கிறார்கள். ஹெல்மெட்டும் பேடுமாக வலைக்குள் நிற்பதுதான் அவர்கள் கண்ணுக்குப் பயிற்சி. பயிற்சியாளரும் கட்டணத்தை நினைத்து வலைக்கே திரும்பிவிடுகிறார்.

பேட்ஸ்மேனுக்கு இப்படிப் பந்து குறைகிறது என்றால், பந்து வீசுகிறவனுக்கு நேர்மாறு. அதே 270 பந்துகளை ஐந்து பேர் மாற்றி மாற்றி வீசினால் ஆளுக்கு 54. ஒன்பது ஓவர். உயரமான, கொஞ்சம் வேகமாக வீசும் பன்னிரண்டு வயதுப் பையனை யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. எல்லாருக்கும் அவன் பந்தில் ஆட வேண்டும். வாரம் ஐந்து மாலை என்றால் 270 பந்து. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பதின்மூன்று வயது வரையான வேகப்பந்து வீச்சாளர்களுக்கு நெடுங்காலம் வைத்திருந்த பயிற்சி வரம்பு ஒரு நாளைக்கு 30 பந்து, வாரத்துக்கு இரண்டே நாள். அறுபது எங்கே, 270 எங்கே!

வரம்பு வைத்ததற்குக் காரணம் முதுகெலும்பு. வேகமாக வீசுகிறவன் முன்காலை ஊன்றும் நொடியில் இடுப்பு ஒரே நேரத்தில் பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. உடம்பின் எடையைப் போலப் பல மடங்கு விசை காலில் இறங்குகிறது. வளரும் வயதில் கீழ் முதுகெலும்புகளின் பின்வளைவு இன்னும் முழுதாகக் கெட்டிப்பட்டிருக்காது. தினம் தினம் அதே இடத்தில் அடி விழ, மயிரிழையாக விரிசல் விடுகிறது. 2019இல் பும்ராவையே இந்த முதுகு விரிசல் சில மாதங்கள் உட்காரவைத்தது. பன்னிரண்டு வயதுக்காரன் எம்மாத்திரம்?

வீட்டிலேயே இதை மோப்பம் பிடிக்கலாம். வலக்கையால் வீசுகிற பையனுக்குக் கீழ்முதுகின் இடப்பக்கம் வலிக்கிறதா? ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளைந்தால் வலி கூடுகிறதா? வீசுவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரம்ப நிலையில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படும். தைலம் தடவி மறுநாள் மைதானத்துக்கு அனுப்புவதுதான் செய்யக்கூடாத காரியம். முதலிலேயே ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் கூடிவிடுகிற எலும்பு, தள்ளிப்போட்டால் கூடாமலே நின்றுவிடக்கூடும்.

சிறு கட்டணப் பயிற்சி முகாமால் பலனே இல்லையா என்றால், அதே செகந்திராபாத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை இருக்கிறது. விமானப்படையில் வேலை பார்த்த துரைராஜ், மகனை செயின்ட் ஜான்ஸ் கிரிக்கெட் முகாமுக்கு அழைத்துப்போகும்போது, காலையில் எழவே சோம்பல்படும் பத்து வயது மகளையும் இழுத்துக்கொண்டு போனார். அவள் ஓரமாக உட்கார்ந்திருப்பாள், சும்மா இருக்க முடியாமல் மட்டையைத் தூக்கிப் பார்ப்பாள். அங்கே பயிற்சி தந்த முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் ஜோதி பிரசாத்தின் கண்ணில் அது பட்டது. பெண்களுக்குப் பயிற்சியளித்த சம்பத் குமாரிடம் அவளை அனுப்பச் சொன்னார். சம்பத் குமார் 1997இல் விபத்தில் இறந்துவிட்டார். அந்தச் சிறுமிதான் மித்தாலி ராஜ். 1999இல் தன் முதல் ஒருநாள் போட்டியிலேயே அயர்லாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 114 ரன் எடுத்தபோது அவருக்கு வயது பதினாறு.

அந்த முகாமுக்குப் பணம் கட்டிய பிள்ளை அவள் அண்ணன். பயிற்சியாளர் பார்த்தது ஓரத்தில் இருந்த தங்கையை. வலைக்குள் பந்து எடுத்துப் போடுவதிலேயே கண் போயிருந்தால் அவர் பார்த்திருக்க முடியாது. பெற்றோர் கட்டுகிற பணம் உண்மையில் அந்தக் கண்ணுக்குத்தான்.

ஹைதராபாத் மாநகராட்சியும், நம் ஊர் மாநகராட்சிகளும் ஒன்று செய்யலாம். மைதானத்தைக் காலையிலும் மாலையிலும் ஆண்டு முழுக்கக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கட்டும். இருபது பிள்ளைக்கு ஒரு பயிற்சியாளர், பந்து வீசும் ஒவ்வொருவனுக்கும் எண்ணிக்கைப் பதிவு என்ற இரண்டு நிபந்தனைகளோடு. வாடகை குறைந்தால் இரண்டாவது பயிற்சியாளருக்குச் சம்பளம் கிடைத்துவிடும். கட்டணத்தை ஏற்ற வேண்டியதில்லை.

அதுவரை, அடுத்த மாதக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன் பெற்றோரே, ஒரு மாலை முழுக்க மைதான ஓரத்தில் உட்கார்ந்து, உங்கள் பிள்ளை ஆடுகிற பந்தையும் வீசுகிற பந்தையும் எண்ணிப் பாருங்கள். எண்ணியதைப் பயிற்சியாளரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். அவர் டென்னிஸ் பந்தைக் கையில் எடுத்தால், தயவுசெய்து குறுக்கே பேசாதீர்கள்.