வகுக்கும் எண்ணையும் வரைக

கலப்பெண் கணக்கைச் சரிபார்ப்பது என்றால் விடையின் மட்டையும் வீச்சையும் ஒரு முறை ஒத்துப் பார்த்து, பக்கத்தில் இருக்கும் படத்தில் புள்ளி அதற்கேற்ற இடத்தில் விழுந்திருக்கிறதா என்று நோக்கிவிட்டு மேலே செல்வது என்ற அபிப்பிராயம் மாணவர்களிடத்தில் மட்டுமன்றி உபாத்தியாயர்கள் சிலரிடத்திலும் வேரூன்றியிருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று முற்றிலும் பொருந்தியிருந்தும் விடை தவறாயிருக்கக் கூடும் என்று சொன்னால் நம்பத் தயங்குவார்கள். ஆகவே ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, அதை அடிமுதல் நுனிவரை சாவகாசமாகப் பார்ப்பதே இந்த வாரத்துக்கு உசிதம் என்று நினைக்கிறேன்.

8 + i என்னும் கலப்பெண்ணை −2 + i என்னும் கலப்பெண்ணால் வகுத்து, விடையை ஆர்கண்ட் தளத்தில் குறித்து, அதன் மட்டையும் முதன்மை வீச்சையும் காண்க என்பது கணக்கு. பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இதைச் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வகுக்கும் எண்ணின் இணைக் கலப்பெண்ணால் மேலும் கீழும் பெருக்க வேண்டும் என்ற விதி அவனுக்கு மனப்பாடம். ஆனால் இணை என்பது கற்பனைப் பகுதியின் குறியை மட்டும் மாற்றுவது என்பதை மறந்து, கண்ணுக்கு முதலில் தென்படுகிற கழித்தல் குறியை மாற்றி, −2 − i என்று எழுத வேண்டிய இடத்தில் 2 + i என்று எழுதிவிடுகிறான். மேலே 8 + i ஐ 2 + i ஆல் பெருக்க, 16 + 8i + 2i + i², அதாவது 15 + 10i வருகிறது. இதில் பிழை இல்லை. கீழே, இணையால் பெருக்கினால் வர்க்கங்களின் கூட்டுத்தொகைதானே வரும் என்ற பழக்கத்தினால், பெருக்கிப் பாராமலே 4 + 1 = 5 என்று போட்டுவிடுகிறான். விடை 3 + 2i. மட்டு √13, வீச்சு 33.7 பாகை. படத்தில் முதற் கால்பகுதியில் அழகான ஒரு புள்ளி, ஆதியிலிருந்து அதற்கு ஒரு கோடு, கோட்டுக்கும் மெய் அச்சுக்கும் நடுவே ஒரு சிறு வில்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2 + i ஆல் பெருக்கியது அத்தனை பெரிய குற்றமன்று. மேலும் கீழும் எந்த எண்ணால் பெருக்கினாலும் பின்னம் மாறுவதில்லை, இந்த எண்ணோ உண்மையான இணையின் எதிர் எண்ணே ஆகும். கீழே நேர்மையாகப் பெருக்கியிருந்தால் (−2 + i)(2 + i) = −5 என்று வந்து, சரியான விடையாகிய −3 − 2i தானாகவே கிடைத்திருக்கும். கெடுத்தது பெருக்காமல் எழுதின அந்த 5 தான்.

இப்போது பரிசோதனையைத் தொடங்குவோம். முதலில் மட்டு. இரண்டு எண்களை வகுக்கும்போது அவற்றின் மட்டுகளும் வகுபடும் என்பதால், வர்க்கங்களாகவே வைத்துக்கொண்டு பார்த்தால் வர்க்கமூலத்தின் தொல்லையும் இராது. வகுபடும் எண்ணுக்கு 64 + 1 = 65; வகுக்கும் எண்ணுக்கு 4 + 1 = 5; வகுத்தால் 13. மாணவனின் விடைக்கு 9 + 4, அதுவும் 13. பொருந்துகிறது. இந்தப் பரிசோதனையை அற்பமாக எண்ணிவிடக் கூடாது. i² என்பதை −1 என்று கொள்ளாமல் +1 என்று கொள்ளும் மிகச் சாதாரணமான பிழையை அது உடனே காட்டிக்கொடுக்கும். அப்படிச் செய்தவனுக்கு மேலே 17 + 10i வந்து, மட்டின் வர்க்கம் 13க்குப் பதிலாக 15.56 ஆகிவிடும். ஆயினும் குறிகளைப் பற்றி மட்டுக்கு ஒன்றும் தெரியாது. 3 + 2i, −3 − 2i, −3 + 2i, ஏன், மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும் இடம் மாறிய 2 + 3i கூட அதன் முன்னிலையில் ஒன்றே.

திசையை விசாரிப்பது வீச்சின் வேலை. வகுக்கும்போது வீச்சுகள் கழிபடும். மாணவன் அட்டவணையையோ கணிப்பானையோ எடுத்து, 8 + i க்கு tan⁻¹(1/8) = 7.1 பாகை என்றும், −2 + i க்கு tan⁻¹(−1/2) = −26.6 பாகை என்றும் எழுதுகிறான். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் 33.7 பாகை. விடையின் வீச்சும் 33.7. மட்டு பொருந்திவிட்டது, வீச்சும் பொருந்திவிட்டது, படமும் விடைக்கு இசைந்தே இருக்கிறது. இதன்பின் சந்தேகப்பட ஒருவனுக்கு என்ன காரணம் இருக்க முடியும்?

இரண்டு சாட்சிகள் ஒரே பொய்யை ஒரே விதமாகச் சொன்னால் குறுக்கு விசாரணையில் அகப்படமாட்டார்கள். இங்கே நடந்திருப்பதும் அதுவே. கற்பனைப் பகுதியை மெய்ப்பகுதியால் வகுத்து வரும் விகிதம் ஓர் எண்ணுக்கும் அதன் எதிர் எண்ணுக்கும் ஒன்றாகவே இருக்கும். ஆதலால் அந்த விகிதத்தைக் கொண்டு கணிப்பான் தருகிற கோணம் எப்போதும் −90 பாகைக்கும் 90 பாகைக்கும் இடைப்பட்டதாய், கற்பனை அச்சின் வலப்புறத்திலேயே இருக்கும். −2 + i இடப்புறத்து எண். அதன் உண்மையான வீச்சு 180 − 26.6 = 153.4 பாகை. மாணவன் எழுதினதில் சரியாக 180 பாகை வித்தியாசம் இருக்கிறது. அவனுடைய விடையோ உண்மை விடையின் எதிர் எண். அதுவும் சரியாக 180 பாகை திரும்பியே நிற்கிறது. ஒரு பிழை மற்றொரு பிழையை விழுங்கிவிட, கணக்கு நேர்ந்துவிட்டதைப் போல் தோன்றுகிறது. உண்மையில் 7.1 இலிருந்து 153.4 ஐக் கழித்தால் −146.3, −3 − 2i இன் வீச்சும் −180 + 33.7 = −146.3 தான்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கப் படம் ஒன்றே போதும். ஆனால் விடையை மட்டும் காட்டுகிற படம் போதாது. கணக்கைத் தொடங்குமுன்பே கொடுக்கப்பட்ட இரண்டு எண்களையும் கையால் குறித்துக்கொள்ள வேண்டும். 8 + i மெய் அச்சை ஒட்டினாற்போல் வலப்புறம் நெடுந்தூரத்தில் கிடக்கிறது. −2 + i இரண்டாம் கால்பகுதியில், எதிர் மெய் அச்சுக்கு அருகே தாழ்ந்திருக்கிறது. அதன் மெய்ப்பகுதியின் அளவு கற்பனைப் பகுதியின் அளவைவிடப் பெரிதாகையால், அதன் வீச்சு 135 பாகைக்கு மேல், 180 பாகைக்குள். ஏழு பாகைச் சொச்சத்திலிருந்து இதைக் கழித்தால், வருவது −128க்கும் −173க்கும் இடையில்தான் இருந்தாக வேண்டும். அதாவது விடை மூன்றாம் கால்பகுதியை விட்டு வெளியே வர வழியே இல்லை. அட்டவணை வேண்டாம், கணிப்பான் வேண்டாம், வகுத்தல்கூட இன்னும் தொடங்கவில்லை. இதை ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டவன், பிறகு 3 + 2i என்று வந்ததும் திடுக்கிட்டு நின்றிருப்பான்.

ஆர்கண்டின் பெயரால் வழங்கும் இந்தப் படத்தின் ஆதி நோக்கமும் இதுவே. 1806இல் பாரிஸில் தம் பெயரைக்கூடப் போடாமல் அவர் அச்சிட்ட சிறு நூலில், எண்ணைப் பெருக்குவது என்பது நீளத்தை மாற்றித் திசையைத் திருப்புவது என்ற கருத்தே மூலாதாரமானது. அவருக்கு முன்பே 1797இல் காஸ்பர் வெஸ்ஸல் என்பவர் டென்மார்க்கின் கழகத்துக்கு இதே கருத்தைச் சமர்ப்பித்திருந்தும், அதை நெடுங்காலம் எவரும் கவனிக்கவில்லை. ஆர்கண்டின் நூலும் அப்படியே போயிருக்கும். 1813இல் பிரான்சே என்ற கணித அறிஞர், இந்தக் கருத்து எனதன்று, பெயர் தெரியாத ஒருவருடையது, அவர் முன்வர வேண்டும் என்று பத்திரிகையில் எழுதியதால் உண்மை வெளிப்பட்டது. இத்தகைய நேர்மை எக்காலத்திலும் அபூர்வமே. திருப்புதலைக் காட்டுவதற்கென்று பிறந்த படத்தில், எதிலிருந்து எது திரும்பிற்று என்பதைக் காட்டாமல் கடைசிப் புள்ளியை மட்டும் வைப்பது, படம் கேட்டார்கள், போட்டேன் என்று கடன் தீர்ப்பதாகும்.

விடையை வகுக்கும் எண்ணால் திரும்பப் பெருக்கிப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதும்; (3 + 2i)(−2 + i) = −8 − i என்று வந்து, குட்டு வெளிப்பட்டுவிடும். விடையைத் தீர்மானமாக நிர்ணயிப்பதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் அது கணக்கை முடித்தபின் செய்வது. படமோ முன்னதாகவே எச்சரிப்பது. அன்றியும் விடை நேர் எதிர்த்திசையில் இருப்பதைப் படத்தில் கண்டவன், காணாமற்போனது ஒரு கழித்தல் குறி என்று ஊகித்து, நேரே கீழேயுள்ள 5 இடம் போய் விரலை வைப்பான்.

திருத்திய படத்தையும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். இரண்டு அச்சுகளிலும் அளவுத்திட்டம் ஒன்றாயிருப்பது முதல் அவசியம். 8 என்ற எண்ணுக்கு இடம் தேடி, மெய் அச்சில் ஓர் அலகுக்கு அரை சென்டிமீட்டரும் கற்பனை அச்சில் ஒரு சென்டிமீட்டரும் வைத்துவிட்டால், −3 − 2i க்குப் போகும் கோடு எதிர் மெய் அச்சோடு 33.7 பாகைக்குப் பதிலாக 53 பாகையாய்த் தோன்றும். கோணமானியை வைத்துப் பார்க்கிற நல்ல பிள்ளை சரியான விடையைத் தவறென்று அடித்துவிடுவான். அளவு ஒன்றாயிருந்தால், கவராயத்தின் முனையை ஆதியில் ஊன்றிப் புள்ளி வழியே வில் போடும்போது, அது மெய் அச்சை 3க்கும் 4க்கும் நடுவே, 3.6 அளவில் வெட்டும். √13க்கு அதுவே கண்கூடான ருசு.

வீச்சைக் குறிக்கும் வில்லில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். எதிர் மெய் அச்சுக்கும் கோட்டுக்கும் நடுவேயுள்ள 33.7 பாகை வீச்சைக் காண உதவுகிற கோணமேயன்றி வீச்சு ஆகாது. வில் நேர் மெய் அச்சிலிருந்து புறப்பட்டு, கடிகாரமுள் செல்லும் திசையில் நான்காம் கால்பகுதி முழுவதையும் கடந்து மூன்றாவதில் கோட்டைத் தொட வேண்டும். அம்புக்குறியும் அந்தப் பக்கமே. 213.7 பாகை என்று எழுதினவன் திசையில் தவறவில்லை. முதன்மை வீச்சு −180க்கு மேல் 180 வரை என்ற நம் பாடநூல் ஏற்பாட்டை மட்டும் மீறினான். 33.7 என்று எழுதினவனோ நேர் எதிர்த்திசையைக் காட்டுகிறான். இருவருக்கும் ஒரே அளவு மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமன்று என்பது என் கட்சி.

கைப்படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 5 ஆல் வகுக்க மறந்து −15 − 10i என்று நிறுத்திவிட்டவனுடைய புள்ளி அதே கால்பகுதியில், அதே கோட்டின்மேல், அதே −146.3 பாகையில் இருக்கும். திசையை வைத்து அவனைப் பிடிக்க முடியாது. அளவுத்திட்டத்தைச் சுருக்கி அந்தப் புள்ளியைத் தாளுக்குள் அடக்கியும் விடுவான். அங்கே 65 ஐ 5 ஆல் வகுத்து, வந்த 13 ஐ அவனுடைய 325க்குப் பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டியதுதான்.