கூச்சக்காரப் பையன் 'நான்' என்று சொல்வானா?

எங்கள் நாக்பூர் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு சிறுகதை கேட்டிருந்தார்கள். வங்கிக்காரன் என்றால் கணக்குதான் பார்ப்பான் என்று நினைத்தார்களோ என்னமோ, நான் சரி என்றதும் செயலாளருக்கே ஆச்சரியம். எழுதி முடித்து வீட்டில் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு என் மனைவி சொன்ன ஒரே வார்த்தை: "ஏங்க, இவன் கூச்சப்படுற பையன்னு சொல்றீங்க. ஆனா பக்கம் பக்கமா வாய் ஓயாமப் பேசுறானே?"

மூன்று வாரம் என்னைத் தூங்கவிடாத கேள்வி அது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் கதை. என் அப்பா தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் டெய்லர் கடை வைத்திருந்தார். கடையில் தொழில் கற்க ஒரு பையன் இருந்தான். பதினாலு வயது. காஜா எடுக்க, பட்டன் தைக்க, டீ வாங்க, அப்பா அளவெடுத்துச் சொல்லச் சொல்ல நோட்டில் எழுத. அப்பாவை மாஸ்டர் என்பான். மற்றபடி அவன் வாயிலிருந்து வார்த்தை வருவது அபூர்வம்.

ஒரு கல்யாண மாப்பிள்ளையின் முழுக்கைச் சட்டை. கை நீளம் 24 அங்குலம் இருக்க வேண்டும். நோட்டில் 22 என்று இருந்தது. அப்பா 22 வைத்தே வெட்டினார். முழுக்கை போய் அரைக்கைச் சட்டை ஆனது, துணிக்குக் காசை அப்பா கொடுத்தார், பையனுக்கு அடி விழுந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவுதான் கதை.

இதை நான் முதலில் பையனே சொல்வதுபோல எழுதினேன். சட்டை வெட்டுகிற இடம் இப்படி இருந்தது:

"நோட்டில் கை நீளம் 22 என்று இருப்பதைப் பார்த்தேன். போன தீபாவளிக்கு இவருக்கு 24 வைத்துத் தைத்தது எனக்கு நினைவிருந்தது. மாஸ்டரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்."

படிக்க நன்றாகத்தானே இருக்கிறது? அதுதான் கோளாறு. மாஸ்டர் முன்னால் ஒரு வார்த்தை வராத பையன், முன்பின் தெரியாத வாசகரிடம் அஞ்சு வாக்கியத்தில் காரண காரியத்தோடு ஒப்பிக்கிறான். எங்கள் வங்கியில் கடன் மனுவோடு ஒரு விளக்கக் கடிதம் வைப்பார்களே, அந்த மாதிரி. தன் கூச்சத்துக்குப் பெயர் வைத்து எடுத்துச் சொல்லத் தெரிந்தவன், அந்த நிமிஷத்தில் கூச்சக்காரன் இல்லை.

தன்மையில் சொல்லவே கூடாதா என்றால், அப்படி இல்லை. டிக்கன்ஸ் 1860-61ல் எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் பிப் என்ற பையன் கொல்லுப்பட்டறையில் தொழில் பழகப் போகிறான். கதை முழுக்க 'நான்'தான். அங்கே அது செல்லுபடியாகக் காரணம், சொல்பவன் பையன் இல்லை. வயதாகி, தன்னைத் தானே கேலி செய்யப் பழகிய பிப். அதிலேயே ஒரு காட்சி. பிப்பைத் தொழிலில் சேர்ப்பதற்காக மிஸ் ஹாவிஷாம் என்ற பணக்கார அம்மாள் 25 கினி கொடுக்கிறாள். பட்டறைக்காரர் ஜோவை அவள் என்ன கேட்டாலும், அவர் அவளைப் பார்த்துப் பதில் சொல்லாமல் பக்கத்தில் நிற்கும் பிப்பைப் பார்த்தே சொல்கிறார். கூச்சத்தை இதைவிட நன்றாக நான் வேறெங்கும் படித்ததில்லை. ஆனால் கவனியுங்கள், அங்கே கூச்சப்படுவது ஜோ. 'நான்' என்று சொல்வது, அவரைப் பார்த்து வெட்கி நிற்கும் பையன். அதாவது கூச்சக்காரனைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் 'நான்' சொல்லலாம்.

என் கதையில் பக்கத்திலிருந்து பார்த்தவன் யார்? டெய்லர் மகன், அதாவது அடியேன். அப்படியும் நாலு பக்கம் எழுதிப் பார்த்தேன். கதை முழுக்க என் மனசும் என் வருத்தமும்தான் வந்தது. பையன் ஓரத்தில் தையல் மிஷின் மாதிரி ஒரு சாமானாக நின்றான். கிழித்துப் போட்டேன்.

மிச்சம் இருந்தது படர்க்கை. 'அவன்' என்று சொன்னாலும், அவன் தோளோடு ஒட்டியே நிற்பது. அவன் பார்ப்பது, கேட்பது, நினைப்பது மட்டும்தான் கதைக்குள் வரும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சோம்பேறித்தனமாக 'பார்த்தேன்' என்பதை 'பார்த்தான்' ஆக்கி, 'எனக்கு' என்பதை 'அவனுக்கு' ஆக்கி, மறுபடி மனைவியிடம் நீட்டினேன். "இப்ப அவனுக்குப் பதிலா நீங்க பேசுறீங்க" என்றாள்.

காஃப்காவும் இந்த மாதிரி மாற்றியவர்தான். 1922ல் 'தி காசில்' நாவலை 'நான்' என்றுதான் ஆரம்பித்தார். மூன்றாம் அத்தியாயம் வரை போனபிறகு மனம் மாறி, திரும்பி வந்து 'நான்' வந்த இடத்தில் எல்லாம் 'கே.' என்று எழுதினார். ஜெர்மன் மொழியில் இறந்தகால வினை 'நான்' ஒருமைக்கும் 'அவன்' ஒருமைக்கும் ஒரே வடிவம்தான், அதனால் பெயரை மாற்றினால் பெரும்பாலும் போதும். (இந்தியும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்கிறாள், இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள். 'மைனே கஹா', 'உஸ்னே கஹா'. வினை அசையவே இல்லை.) தமிழில் நம் வினை, யார் செய்தது என்பதை வாலிலேயே சுமந்துகொண்டு போகிறது. சொன்னேன், சொன்னான், சொன்னார். ஒவ்வொரு வாக்கியமும் முடிகிற இடத்தில் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

இது தொல்லை என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, தமிழிலேயே வால் இல்லாத வினைகளும் இருக்கின்றன. சொல்லலாம், சொல்ல வேண்டும், பிடிக்காது, முடியாது, இல்லை. இவற்றில் நானும் இல்லை அவனும் இல்லை. ஒருவன் மனசுக்குள் ஓடுவதை வேலி போடாமல் எழுத இவைதான் வழி. 'என்று நினைத்தான்' என்பதுதான் அந்த வேலி. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுதியது இது:

"22. போன தீபாவளிக்கு இதே ஆளுக்கு 24. மாஸ்டர் துணியை விரித்துவிட்டு சாக்பீஸைத் தேடினார். இப்போது சொல்லலாம். வாயில் நூல் இருந்தது. நூலை எடுத்துவிட்டுச் சொல்லலாம். மாஸ்டர் கத்தரியை எடுத்தார். வெட்டும்போது பேசினால் அவருக்குப் பிடிக்காது. கத்தரி வளைந்து திரும்பியபோது நூலை வாயிலிருந்து எடுத்து ஊசியில் கோத்தான்."

இதில் கூச்சம் என்ற சொல்லே இல்லை. 'அவன்' என்பதும் இல்லை. ஆள் யார் என்று காட்டுகிற வால் கடைசி வாக்கியத்தில்தான் அவனுக்கு வருகிறது, அதுவும் பேசாமல் ஊசி கோக்கிற இடத்தில். இங்கே 'நான்' போட்டுப் பாருங்கள். 'நூலை எடுத்து ஊசியில் கோத்தேன்' என்றதும், எதையோ சாமர்த்தியமாக மறைத்துச் சொல்கிற ஆள் போல ஆகிவிடுகிறான்.

இன்னொரு வசதி மரியாதை. ஆங்கிலத்தில் மாஸ்டரும் 'ஹி', பையனும் 'ஹி'. நமக்கு மாஸ்டர் 'அவர்', பையன் 'அவன்'. யாரைச் சொல்கிறோம் என்ற குழப்பமும் இல்லை, அவன் எந்த உயரத்தில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறான் என்பதும் சும்மாவே வந்துவிடுகிறது. ஆனால் இதில்தான் சறுக்கவும் செய்தேன். ஓரிடத்தில் 'அவன் முகம் சிவந்துபோனது' என்று எழுதியிருந்தேன். அவன் முகத்தை அவன் எப்படிப் பார்த்தான்? 'காது சுட்டது' என்று மாற்றினேன். இன்னோரிடத்தில் 'அந்த ஒல்லிப் பையன்'. அது வாடிக்கையாளர் பார்வை. தோளை விட்டு நகர்ந்து கடை வாசலுக்குப் போய்விட்டேன் என்று அர்த்தம். சந்தேகம் வரும் வாக்கியத்தை எல்லாம் வாலை மட்டும் மாற்றி 'நான்' ஆக்கிப் படித்துப் பாருங்கள். 'நான் ஒல்லிப் பையன்' என்று அவன் அந்த நேரத்தில் நினைத்திருக்க மாட்டான் என்றால், அந்த வாக்கியம் அவனுடையது இல்லை. சோதனைக்கு 'நான்' ரொம்ப உதவி. கதைக்குத்தான் அங்கே வேண்டாம்.

படர்க்கையிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அவனுக்குத் தெரியாத எதையும் சொல்ல முடியாது. என்னை மடக்கியது அதுதான். 'கூச்சமாக இருந்தது' என்று எழுதியபோது கதை அங்கேயே முடிந்துவிட்டது, மேலே யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சொல்லை எடுத்ததும், ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவன் கண்ணால் பார்த்த ஏதாவது வேண்டியிருந்தது. வெட்டும்போது சொல்லாததற்கு நூல் போதும். அடி வாங்கும்போது? நோட்டில் எழுதுவது அவன் வேலைதான். ஆனால் அந்த மாப்பிள்ளை அளவு கொடுத்த நேரத்தில் அவன் டீ வாங்கப் போயிருந்தான். அன்று கடையில் உட்கார்ந்து எழுதியவன், ப்ளஸ் டூ விடுமுறையில் இருந்த நான். 24 என்பதை 22 என்று எழுதியது நான்தான். வெறும் எண்ணுக்குக் கையெழுத்து ஏது, அப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்கு அன்றே தெரியும். டீயோடு வந்தவன் நோட்டும் பேனாவும் என் மடியில் இருந்ததைப் பார்த்தான். அதனால் அவனுக்கும் தெரியும்.

இத்தனை வருஷம் அவன் கூச்சத்தால் வாய் திறக்கவில்லை என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் தோளோடு நின்று எழுதும்போது அப்படி எழுத வழியில்லை. அவன் எதிரில் மாஸ்டர், மாஸ்டருக்குப் பின்னால் மாஸ்டர் மகன்.

மலருக்குக் கொடுத்த பிரதியில் அந்த இடம் ஒரே வரிதான். கடையில் அவன் என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான், மூன்று வயதுதான் வித்தியாசம் என்றாலும் 'வாங்க, போங்க'தான். அவன் மனசில் ஓடுவது என்பதால் அந்த மரியாதையை மாற்ற எனக்கு உரிமை இல்லை. 'அண்ணன்தான் எழுதினார்' என்று எழுதினேன். அந்த 'ஆர்' விகுதியைத் தட்டச்சு செய்ய ரொம்ப நேரமாயிற்று.