சுவிட்ச் வரிசையில் முதலில் 16, 8, 4, 2, 1 என்று எழுதி ஒட்டாதீர்கள்

துவித எண்களை தரம் 5 பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் நாம் வழமையாகத் தொடங்கும் இடம்தான் பிழை. ஐந்து சுவிட்சுக்கும் மேலே 16, 8, 4, 2, 1 என்று எழுதி, "எரிகிறதைக் கூட்டுங்க பிள்ளைகளே" என்கிறோம். பிள்ளை கூட்டும், விடையும் சரியாக வரும். ஆனால் அது கற்றது கூட்டல் மட்டுமே.

நான் இலக்கம் எதையும் எழுதுவதில்லை. ஒரு மட்டையில் ஐந்து சிறிய சுவிட்ச், ஐந்து டோர்ச் பல்ப், பற்றரி. வீட்டுக் கரண்டில் இதைச் செய்யவே கூடாது. எல்லாம் அணைந்திருந்தால் பூச்சியம். பிறகு ஒரே ஒரு விதி: வலது ஓரத்திலிருந்து தொடங்கு. அணைந்த பல்ப் வந்தால் அதை எரியவிட்டு நிறுத்து. எரிகிற பல்ப் வந்தால் அதை அணைத்துவிட்டு இடப்பக்கத்துக்குப் போ.

ஒருவர் சுவிட்சைப் போட, வகுப்பு சத்தமாக எண்ணட்டும். 7 வரும்போது வலப்பக்கம் மூன்றும் எரியும். அடுத்தது 8. மூன்றும் வரிசையாக அணைந்து, நான்காவது மட்டும் எரியும். "சேர், கூட்டினா லைட் குறையுதே!" என்று யாராவது கேட்பார்கள். அப்போதுதான் பலகையில் 999, அதன் கீழே 1000 என்று எழுத வேண்டும். இரண்டும் ஒரே வேலை. அங்கே 9 வந்தால் இடம் நிரம்பும், இங்கே 1 வந்தாலே நிரம்பிவிடும்.

ஒவ்வொரு பல்பும் முதன்முதலாக எரிந்தபோது என்ன எண்ணினோம் என்று இனிக் கேளுங்கள். 1, 2, 4, 8, 16. அந்த இலக்கங்களை இப்போது பிள்ளைகளே எழுதி ஒட்டட்டும்.

விளங்கியதா என்று பார்க்க 19ஐக் கேளுங்கள். 16 வேண்டும், மிச்சம் 3. 8உம் 4உம் வேண்டாம். 2உம் 1உம் வேண்டும். ஆகவே 10011. இதை மனப்பாடமாகவும் செய்யலாம். அதனால் கூட்டாமல் அடுத்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். வலது இரண்டையும் அணைத்து, மூன்றாவதை எரியவிட்டு 10100 என்று காட்டும் பிள்ளைக்கு விளங்கிவிட்டது. 10012 என்று எழுதும் பிள்ளைக்கு இன்னும் விளங்கவில்லை. அதை மீண்டும் மட்டைக்கு அனுப்புங்கள்.

மூன்று விடயங்களைக் கவனியுங்கள். நமது சுவிட்ச் பெரும்பாலும் கீழே அமர்த்தினால்தான் எரியும். ஆகவே சுவிட்ச் மேலா கீழா என்று பார்க்காமல், பல்பு எரிகிறதா என்றே பார்க்கச் சொல்லுங்கள். மட்டைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைக்கு வலம் இடமாகிவிடும். எல்லோரும் ஒரே பக்கம் நிற்கட்டும். 101ஐ "நூற்றி ஒன்று" என்று வாசிக்க விடாதீர்கள், "ஒன்று, பூச்சியம், ஒன்று" என்பதே சரி.

31க்குப் பிறகு ஐந்தும் அணைந்துவிடும். "32 எங்கே போனது?" என்று கேட்டு நிறுத்துங்கள். ஆறாவது சுவிட்சை அவர்களே கேட்பார்கள்.