வயிற்றிலுள்ள பேரனுக்கு எழுதலாம். பேரனின் பேரனைக் கட்டிப்போட முடியாது

அண்மையில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது எங்களூர் ஹாஜியார் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். அவருடைய மூத்த மகன் விபத்தில் மௌத்தாகி இரண்டு மாதம். மருமகள் இத்தாவில் இருக்கிறார், ஐந்து மாதக் கர்ப்பிணி. ஹாஜியாருக்கு ஒன்பது ஏக்கர் வயல் இருக்கிறது. மனைவி உயிரோடு இல்லை. இன்னொரு மகனும் ஒரு மகளும் இருக்கிறார்கள். "தம்பி, நான் கண்ணை மூடினால் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. எதுவும் எழுதாமல் அவர் மௌத்தானால் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. 1931ஆம் ஆண்டு 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மரண சாசனம் இல்லாதவரின் சொத்து அவரது மத்ஹபின் சட்டப்படியே பிரியும். உயிரோடுள்ள மகன், இறந்த மகனின் பிள்ளையை வாரிசிலிருந்து தடுத்துவிடுவார். ஆறு ஏக்கர் மகனுக்கு, மூன்று மகளுக்கு, கணக்கு முடிந்தது. தன் வாப்பா விட்டுச்சென்ற சொத்தில் அந்தப் பிள்ளைக்குப் பங்கு உண்டு. அதனால் அதைப் பிறப்புவரை காத்திருந்து பிரிப்பதே முறை. ஆனால் அது வேறு சொத்து. மூத்தாப்பாவின் வயல் அல்ல.

அந்த இழப்புக்கு மார்க்கத்திலேயே ஒரு வழி உண்டு. பேரப்பிள்ளை வாரிசு இல்லை என்பதாலேயே, அதற்கு வஸிய்யத் செய்யலாம். மூன்றில் ஒன்றுக்குள், அதாவது மூன்று ஏக்கருக்குள் இருந்தால் மற்றப் பிள்ளைகளின் சம்மதம்கூடத் தேவையில்லை. மீதி ஆறில் மகனுக்கு நான்கு, மகளுக்கு இரண்டு.

பிறக்காத பிள்ளைக்கு எழுதலாமா என்பதுதான் அடுத்த கேள்வி. ஹிபாவாகக் கொடுக்க முடியாது. வஸிய்யத்துக்கு ஷாஃபிஈ மத்ஹப் இரண்டு நிபந்தனைகளோடு இடம் தருகிறது. எழுதும்போது கரு வயிற்றில் இருந்திருக்க வேண்டும்; பிள்ளை உயிரோடு பிறக்க வேண்டும். எழுதி ஆறு மாதத்துக்குள் பிறந்தால் முதல் நிபந்தனையில் சந்தேகமே வராது. இறந்து பிறந்தால் வஸிய்யத் செல்லாது, நிலம் வாரிசுகளுக்கே திரும்பும். இரட்டைப் பிள்ளைகள் என்றால், வேறு விதமாக எழுதாதவரை, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்கு. ஆனால் "இனிமேல் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும்" என்று எழுதினால் இன்னும் கருவாகாதவர்களுக்கு அது செல்லாது. மாலிகி மத்ஹப் மட்டும் இதில் தாராளமானது.

ஹாஜியார் அதோடு நிற்கவில்லை. "அந்த மூன்று ஏக்கரை அவன் விற்கக் கூடாது, அவனுக்குப் பிறகு அவன் பிள்ளைகளுக்கு, பிறகு அவர்கள் பிள்ளைகளுக்கு என்று எழுதலாமா?" என்றார். அவருடைய பாட்டனாரின் பழைய உறுதியில் அப்படித்தான் இருக்கிறதாம்.

அந்தக் காலத்தில் அது முடிந்தது. ரோமன் டச்சுச் சட்டம் தந்த பிடெய்கொமிசம் என்ற முறை அது. ஆளுபவர் அனுபவிக்கலாம், விற்க முடியாது. அவருக்குப் பின் அடுத்த தலைமுறைக்குப் போகும். 1876இல் வந்த கட்டளைச் சட்டம் அதற்கு எல்லை போட்டது. உறுதி எழுதும்போது உயிரோடு அல்லது தாயின் வயிற்றில் இருந்து, உறுதியில் குறிப்பிடப்பட்டவர்களின் ஆயுள்காலம்வரை மட்டுமே அந்தத் தடை செல்லும். கவனியுங்கள்: பிக்ஹு நூல்கள் போட்ட கோடும் ஆங்கிலேயர் காலச் சட்டம் போட்ட கோடும் தாயின் வயிற்றிலேயே வந்து நிற்கின்றன. 1972ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் பிடெய்கொமிசத்தையே ஒழித்துவிட்டது. இன்று அப்படி எழுதினால், பேரன் அந்த நிலத்துக்கு முழு உரிமையாளன். விற்காதே என்ற சொல் வெறும் மைதான்.

இது நல்லதே என்பது என் கருத்து. மூன்று தலைமுறைக்குப் பிறகு ஒரு வயலுக்கு நாற்பது பங்காளிகள் இருப்பார்கள். ஒருவராலும் விற்கவும் முடியாது, கடன் வாங்கித் திருத்தவும் முடியாது. எகிப்து 1946இல் குடும்ப வக்ஃபுக்கு இரண்டு தலைமுறை அல்லது 60 ஆண்டு என்று எல்லை வைத்ததும், 1952இல் அதையே ஒழித்ததும் நமக்குப் பாடம். காலத்துக்கும் நிலைக்கவேண்டும் என்றால் பொது நன்மைக்கு வக்ஃபு செய்யலாம்.

ஹாஜியாரின் உண்மையான பயம், பிள்ளை சிறுவயதில் இருக்கும்போது யாராவது நிலத்தை விற்றுவிடுவார்களோ என்பதுதான். அதற்குத் தலைமுறைக் கட்டு வேண்டாம். பராயமடையாதவரின் காணியை நீதிமன்ற அனுமதியின்றி விற்க முடியாது. நம்பிக்கையான ஒருவரைப் பொறுப்பாளராகச் சாசனத்தில் பெயர் குறிப்பிட்டால் போதும்.

எழுதும் முறையும் எளிது. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது ஐந்து சாட்சிகள். "இறந்த மகனின் மனைவியின் வயிற்றில் இன்று இருக்கும் பிள்ளைக்கு" என்று தெளிவாக, திகதியோடு எழுத வேண்டும். ஒரு எச்சரிக்கை: நாட்டுச் சட்டம் மரண சாசனத்துக்கு முழுச் சுதந்திரம் தருகிறது, மூன்றிலொன்று எல்லையை அது காவல் காக்காது. ஒன்பது ஏக்கரையும் எழுதச் சொன்னாலும் நொத்தாரிசு எழுதிவிடுவார். அந்த எல்லையைக் காப்பது நம் பொறுப்பு.

முஸ்லிம் சட்டத் திருத்தம் என்றால் திருமண வயதையும் காதி நீதிமன்றத்தையுமே பேசுகிறோம். மூத்தாப்பா எழுத மறந்ததால் வெறுங்கையோடு நிற்கும் யதீம்களைப் பற்றிப் பேசுவதில்லை. இந்த விடயத்தில் எந்தத் திருத்தத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை. ஹாஜியார் அடுத்த கிழமை நொத்தாரிசிடம் போவதாகச் சொன்னார். அடுத்த கிழமை என்று தள்ளாதீர்கள் என்றேன்.